எழில் அக்காவுக்குக் குரல் சேர்த்தது

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். நாற்காலி அதேதான், மேலே ஒரு குஷன் மட்டும் போட்டிருக்கிறாளாம்.

“மேடம், எங்க சூப்பிரண்ட் சார் ரிட்டயர் ஆகறாரு. ஃபங்ஷன்ல படிக்க எழுதித் தரச் சொன்னாங்க. செல்போன்கிட்ட கேட்டேன், அதுவே எழுதிக் குடுத்துடுச்சு. சூப்பரா இருக்குது.”

“அப்புறம் இன்னா?”

“சார் பேர எடுத்துட்டு எங்க அப்பா பேரப் போட்டுப் படிச்சுப் பாத்தேன் மேடம். அதுவும் சூப்பராத்தான் இருக்குது.”

இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இதே விஷயத்தைக் கண்டுபிடிக்க நான் ஒரு விழா முழுக்க அவமானப்பட வேண்டியிருந்தது. போனில் அவளுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. குக்கர் விசில் அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றி அரசு அலுவலகங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று எங்களுடையது. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. நான் அங்கே சுருக்கெழுத்துத் தட்டச்சர். அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்கு சைக்கிளில் வந்து இன்ஸ்டிடியூட்டில் கற்றேன், பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது. என் படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

டைப் அடிப்பவள் என்பதால் யார் ஓய்வு பெற்றாலும் வாழ்த்துரையை எழுதுவது என் தலையில் விழுந்தது. அடிப்பதற்கும் எழுதுவதற்கும் எங்கள் ஆபீஸில் யாரும் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை. நானும் பார்க்கவில்லை. “கடமையே கண்ணாக, நேர்மையே மூச்சாக” என்று ஒன்று அடித்து வைத்திருந்தேன். பேரையும் பதவியையும் மட்டும் மாற்றுவேன்.

ஒரு முறை அடுத்தடுத்து இரண்டு பேர் ஓய்வு பெற்றார்கள். இருவரும் ஒரே தெருக்காரர்கள். முதல் விழாவுக்கு வந்திருந்த அம்மா, தன் கணவருக்கு நடந்த இரண்டாவது விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் அதிகாரி படிக்கப் படிக்க அந்த அம்மாவின் வாயும் கூடவே அசைந்தது. “மூச்சாக” என்ற இடத்தில் அதிகாரி கொஞ்சம் திணறினார். அந்த அம்மா திணறவில்லை.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஞானசேகரன் சார். எங்கள் அலுவலக மேலாளர். ஒரு தாளைப் படிக்க வேண்டுமென்றால் எழுந்து நின்றுகொண்டுதான் படிப்பார். பேனா மூடியைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொள்வார். திட்ட மாட்டார். குரலையும் உயர்த்த மாட்டார். நம் பிழைப்புக்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை என்று தோன்றும்.

வாழ்த்துரையின் முதல் வரியைப் படித்தார். “நேர்மையே மூச்சாக. இத யாரு சொன்னது?”

“நாந்தான் சார் எழுதினேன்.”

“நீங்க எழுதினீங்க. யாரு சொன்னது?”

பேனாவால் அந்த வரியை அடித்தார். அடுத்த வரி. “இன்முகத்தோடு பழகினார். இத யாரு சொன்னது?” அதையும் அடித்தார். தாள் முழுக்க இதே கேள்விதான். கடைசியில் பேரும் பதவியும் மட்டும் மிஞ்சின.

“அதிகாரி சொல்றத டிக்டேஷன் எடுக்கறீங்க இல்ல? அதே மாதிரி எல்லார்கிட்டயும் எடுங்க. அப்புறம் எழுதுங்க” என்று பேனாவை மூடினார். எங்கள் ஆபீஸில் வாழ்த்துரை எழுதும் முறை அன்றைக்கு இப்படித்தான் மாறியது.

முதலில் நோட்டும் பென்சிலுமாகப் போனேன். பென்சிலைப் பார்த்ததும் ஜனங்கள் விசாரணை என்று நினைத்துக்கொண்டார்கள். “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்றார் வாட்ச்மேன். அதனால் செல்போனில் பதிவு செய்யத் தொடங்கினேன். அதில் வேறு தொந்தரவு வந்தது. சிவப்புப் புள்ளி எரிந்ததும் எல்லோரும் மேடைக்கு ஏறிவிடுவார்கள். அது மட்டுமில்லை. ஒருவரைப் பற்றிப் பொதுவில் பேசுவது என்றால் எங்கள் ஆட்களுக்கு இரங்கல் கூட்டம்தான் பழக்கம். அடுத்த அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும் ஆளைப் பற்றி, “அவரு இன்னிக்கு நம்ம மத்தியில இல்லேன்னாலும்” என்று ஆரம்பிப்பார்கள். ஒருவர் கடைசியில் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாகவே இருந்தார். அதையும் போன் பதிவு செய்தது.

போகப் போக எனக்கென்று சில வழிகள் அமைந்தன. ஆபீஸுக்குள் மின்விசிறி சத்தம் குரலைத் தின்றுவிடும். ஷெட்டில் நிற்கும் ஜீப்பில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. வேர்க்கும், அதனால் சுருக்கமாகவும் பேசுவார்கள். பதிவு ஓடுகிறது என்று சொல்லிவிட்டு போனைக் குப்புற வைத்துவிடுவேன். “அவரு எப்படிப்பட்டவரு?” என்று கேட்கவே கூடாது. கேட்டால் “தங்கமான மனுஷன்” என்று பதில் வரும். தங்கத்தை வைத்து நான் என்ன செய்வது? “கடைசியா எதுக்குத் திட்டினாரு?”, “அவரு லீவுல இருக்கறப்ப ஆபீஸ்ல இன்னா கம்மியா இருக்கும்?” என்று கேட்க வேண்டும். முக்கியமானது இன்னொன்று. “அவ்ளோதாம்மா” என்று அவர்கள் முடித்த பிறகு போனை அணைக்கக் கூடாது. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தபடி ஒன்று சொல்வார்கள் பாருங்கள், அதற்காகத்தான் அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் கேட்டுக் கேட்டு அப்படியே எழுதுவேன், இழுவை, இருமல், “அது வந்து” எல்லாவற்றோடும். இதே வரி வேறு யாருக்காவது பொருந்துமா என்று பார்ப்பேன். பொருந்தினால் வெட்டு. முன்வரிசையில் உட்காரப் போகும் வீட்டுக்காரரோ வீட்டம்மாவோ பிள்ளைகளோ முகம் சுளிப்பார்களா என்று பார்ப்பேன். சுளித்தால் வெட்டு. கிண்டலாக இருந்தால் சொன்னவர் பேரை எடுத்துவிட்டு “ஒரு நண்பர்” என்று போடுவேன். எடுத்த வரியைச் சொன்னவரிடமே படித்துக் காட்டி, சரி என்ற பிறகுதான் சேர்ப்பேன். கடைசியில் மேனேஜர் நின்றுகொண்டு படிப்பார். “இத யாரு சொன்னது?” என்று கேட்டால், யார் என்று சொல்ல எனக்கு ஆள் இருக்க வேண்டும்.

எங்கள் கணக்காளர் ஒருவரை யாருக்கும் பிடிக்காது. எத்தனை பேரை ஜீப்பில் ஏற்றியும் ஒரு நல்ல வார்த்தை விழவில்லை. ஆனால் எல்லோரும் தனித்தனியாக ஒன்றைச் சொன்னார்கள். யார் எழுந்து போனாலும் பின்னாலேயே வந்து ஃபேனை அணைத்துவிடுவார், பாத்ரூம் போனால்கூட. நான் வாழ்த்துரை முழுவதையும் ஃபேன் பற்றியே எழுதினேன். யார் யார் எந்தெந்த வேளையில் வேர்த்துப் போனார்கள் என்று வரிசையாக வந்தது. சபை சிரித்தது. அவர் அழுதார். தன்னை இத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள் என்று அவருக்கு அதுவரை தெரியாதாம். மின்விசிறி விஷயத்தில் ஒருவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

இப்படி நல்ல பேர் வாங்கிக்கொண்டிருந்த சமயத்தில் எழில் அக்கா ஓய்வு பெறும் நாள் வந்தது.

எழிலரசி அக்கா எங்கள் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலிருந்தே கண் தெரியாது. அதைச் சொல்லி யாராவது பரிதாபப்பட்டால் அன்று முழுக்க அந்த ஆளுக்கு லைன் கிடைக்காது. வாசலுக்குப் பக்கத்தில் அவருடைய சின்ன அறை. தாமதமாக வருபவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதைத் தாண்டுவார்கள். “வாங்க பாஷா, கால் சுடுதா?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். பாஷா எங்கள் டிரைவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி, கிரிவலம் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று எங்கெங்கிருந்தோ எங்கள் ஆபீஸுக்கு போன் வரும். எங்களுக்கும் பௌர்ணமிக்கும் சம்பந்தமே இல்லை. அக்கா எல்லோருக்கும் நேரம் சொல்வார், பஸ் எங்கே நிற்கும் என்றும் சொல்வார், தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்ளச் சொல்லி வைப்பார். ஆனால் நாங்கள் லைனில் கொஞ்சம் ஊர்க்கதை பேசினால் நடுவில் புகுந்து, “அரட்டையா? எடுத்துடறேன்” என்று துண்டித்துவிடுவார். அதிகாரி தன் மாமியாரோடு பேசிக்கொண்டிருந்தபோதும் எடுத்திருக்கிறார். அதிகாரி வந்து நன்றி சொன்னதாகக் கேள்வி.

எங்களுக்கு எல்லாம் முன்னால் வந்துவிடுவார். காலையில் முதல் வேலை லைன் எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பது. அதை எப்படிப் பார்ப்பார் என்று நாங்கள் யாரும் கண்டதில்லை. நாங்கள் வருவதற்குள் அது முடிந்திருக்கும்.

அவரிடம் போய் வாழ்த்துரை வேலை ஆரம்பித்திருக்கிறேன் என்றேன்.

“எழுதி யாரு படிக்கறது?”

“இப்பல்லாம் மேனேஜர் சார்தான்.”

“நீ எழுதி அவரு படிச்சா எனக்கு அவரு குரல்தான் கேக்கும். அவரு குரலத்தான் தெனமும் கேக்கறேனே. பேசினவங்க குரலயே போட்டுக் காட்டு.”

நியாயமாகத்தான் பட்டது. மேனேஜரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று யோசித்தார். கையில் தாள் இல்லாததால் சும்மா நின்றார். “நடுநடுவுல நான் ரெண்டு வரி படிக்கறேன். மத்தது குரலா வரட்டும். அதுல இத யாரு சொன்னதுன்னு கேக்கற வேல எனக்கில்ல” என்றார்.

செய்தியைக் கேட்டதும் ஆபீஸே நடுங்கியது. எழுத்தில் என்றால் “ஒரு நண்பர்” என்று ஒளிந்துகொள்ளலாம். குரலில் எங்கே ஒளிவது? அக்கா இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். அதனால் ஜீப்பில் ஏறியவர்கள் எல்லோரும் சாமி சந்நிதியில் நிற்பதுபோலப் பேசினார்கள். மறுபடி மறுபடி ஏற்றி இறக்கி, ஒருவழியாகக் கதவைத் திறந்து கீழே கால் வைக்கும் நேரத்துப் பேச்சுகளைச் சேர்த்தேன். பாஷா மட்டும், தான் சொல்வதைச் சொல்லியே தீருவேன் என்று வாயில் கர்சீப்பை வைத்துக்கொண்டு பேசினார்.

நாலு நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அதை அவர் வேலை நேரத்தில் கழற்றி நான் பார்த்ததில்லை.

“வேலூர் கெடச்சா பாரு” என்றார்.

எங்கள் துறைக்கு மேலிடம் வேலூரில். ஆளுக்கு ஒரு செல்போன் வருவதற்கு முன்னால், மேலிடத்துப் பேச்செல்லாம் அங்கே இருந்த ஓர் ஆபரேட்டர் வழியாகத்தான் அக்காவிடம் வரும். ஆபரேட்டர்கள் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர் பேர்தான். அவர் இவருக்கு வேலூர். இவர் அவருக்கு திருவண்ணாமலை. லைன் கிடைக்கக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அங்கே வெயில், இங்கே தீபக் கூட்டம், அவர் பையன் பரீட்சை, அக்காவின் பெண்ணுக்கு அம்மை. இருபது வருஷத்துக்கு மேல் இப்படி. ஒரு தடவையும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

“அவரு ரிட்டயர் ஆகறன்னிக்கு, வீட்டுக்கு போன் பண்றேன் திருவண்ணாமலைன்னாரு. நம்பரு வாங்கினாரு. பண்ணல” என்றார் அக்கா. “இருக்காரா இல்லியான்னுகூடத் தெரியல. கெடச்சா பாரு. கெடைக்கலேன்னா விடு.”

ஒரு வெளியூர் டிரங்க் லைன் கிடைக்கவில்லை என்றாலே அரை நாள் விடாமல் சுழற்றுகிறவர் “விடு” என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு அந்த விழாவில் வேண்டியது அந்த ஒரு குரல்தான் என்று எனக்குப் புரிந்தது. கிடைக்காவிட்டால் நான் சேர்த்த மற்றக் குரல்களை எல்லாம் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்.

வேலூருக்குப் போட்டேன். போனை எடுத்த பையனுக்கு அங்கே ஆபரேட்டர் என்று ஒருவர் இருந்ததே தெரியவில்லை. அந்த அறையில் இப்போது ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறதாம். கருவூலத்தில் முகவரி தர மாட்டோம் என்றார்கள், அதுவும் சரிதான். கடைசியில் ஓய்வூதியர் சங்கத்தில் ஒரு பெரியவர், “ஆபரேட்டரா? கொரல் நல்லா இருக்குமே, வெங்கடேசன். பையன் வீட்டோட குடியாத்தத்துல இருக்கறாரு” என்று பையனிடமே கேட்டு அவன் நம்பரை வாங்கித் தந்தார்.

பையன் பேர் சதீஷ். விஷயத்தைச் சொன்னேன்.

“மேடம், அப்பாவுக்குக் காது சுத்தமா போயிடுச்சு. ரிட்டயர் ஆன வருஷமே. ஹெட்போன் போட்டே போச்சுன்னு டாக்டர் சொல்றாரு. மெஷின் வெச்சாலும் போன்ல ஒண்ணும் கேக்காது. எங்ககிட்டயே ஜாஸ்தி பேச மாட்டாரு. நான் எழுதிக் காட்டித்தான் பேசறேன்.”

பண்றேன் என்று சொன்னவர் ஏன் பண்ணவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவிடம் உடனே ஓடிச் சொல்லத் துடித்தேன். சொல்லவில்லை. விழாவில் அவரே கேட்கட்டும் என்று வைத்திருந்தேன்.

இரண்டு நாளில் சதீஷ் வாட்ஸ்அப்பில் குரலை அனுப்பினான். கூடவே ஒரு செய்தி: “ஸ்டார்ட்டிங்க கட் பண்ணிடுங்க மேடம், ப்ளீஸ். அப்பா கொஞ்சம் கன்ஃப்யூஸ் ஆயிட்டாரு.”

கேட்டேன். நாற்காலி இழுக்கிற சத்தம், இருமல். பையன் பதிவை ஓடவிட்டு போனைக் கையில் கொடுத்திருக்கிறான். அவர் பழக்கத்தில் அதைக் காதில் வைத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. மெல்லிய குரலில் எதையோ கேட்கிறார். “அப்பா, போன் இல்லப்பா, ரெக்கார்டிங். இதப் படிங்க” என்கிறான் பையன். அது அவர் காதில் விழாது என்று அவனுக்கும் தெரியும், இருந்தாலும் சொல்கிறான். அப்புறம் தாள் சலசலக்கிறது, பேச்சு ஆரம்பிக்கிறது. உரத்த குரல். “பெருமதிப்பிற்குரிய திருமதி எழிலரசி அம்மையார் அவர்கள் தொலைபேசிப் பணியில் ஆற்றிய சேவை” என்று பையன் எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்திருந்தார்.

இவ்வளவு வருஷமாக இதே மாதிரிப் பேச்சை வெட்டிக்கொண்டு வந்தவள் நான். ஆனால் காது கேளாத பெரியவரிடம் திரும்பப் பதிவு செய்யுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன்? குழம்பிப்போய் போனில் பேசிய அந்த ஆரம்பத்தைப் போட்டால் சபை சிரிக்கும், அவருக்கும் அவமானம், பையனுக்கும் அவமானம். வீட்டார் முகம் சுளிக்கும் இடத்தை வெட்டுவதுதானே என் வழக்கம். வெட்டினேன். பேச்சு கடைசியில் வருவதாக வரிசைப்படுத்தி பென் டிரைவில் ஏற்றி, மைக்செட்காரரிடம் கொடுத்தேன்.

விழா எங்கள் ஆபீஸ் மீட்டிங் ஹாலில் நடந்தது. எழில் அக்கா மாலையோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவரும் பெண்ணும். மேனேஜர் வழக்கம்போல நின்றுகொண்டு இரண்டு வரி படிப்பார், மைக்செட்காரர் ஒரு குரலை விடுவார். ஒவ்வொரு குரலும் வாயைத் திறந்த உடனே அக்கா ஆளைச் சொல்லிவிட்டார். வாட்ச்மேன், கிளார்க், மாற்றலாகிப் போன பழைய அதிகாரி. “இவரு பல்லு கட்டிக்கிட்டாரு போல” என்றார் அதிகாரியைப் பற்றி. கட்டியிருந்தது உண்மைதான். கர்சீப் குரல் வந்ததும் சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“செருப்பக் கையில எடுத்துக்கினு போனாலும் புடிச்சிடுவாங்க. எங்கூட்டுக்காரிகூட அந்த அளவுக்கு என்னக் கவனிச்சதில்ல.”

“பாஷா, கர்சீப்ப எடுத்துட்டுப் பேசுங்க” என்றார் அக்கா, பதிவைப் பார்த்து. பாஷா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தபடியே பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். கடைசிக் குரல் வந்ததும் இவர் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எதிரில் போய் நின்றுகொண்டேன்.

மேனேஜர் தன் கடைசி வரியைப் படித்தார். “அடுத்துப் பேசுகிறவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எழிலரசி அம்மாவும் பார்த்ததில்லை.”

குரல் வந்தது. “பெருமதிப்பிற்குரிய திருமதி எழிலரசி அம்மையார் அவர்கள்.”

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு வரி போனது, இரண்டு வரி போனது. முகத்தில் ஒன்றுமே இல்லை.

“இது யாரு?” என்றார்.

“வேலூர்க்கா” என்றேன்.

“இல்ல.” கையை ஆட்டினார். “இது வேலூர் இல்ல. யாரோ படிக்கறாங்க. ஏன் கஸ்தூரி, ஆள் கெடைக்கலேன்னா விடுன்னுதானே சொன்னேன்? இதுக்கு எதுக்கு வேற ஆளப் புடிச்சுப் பேச வெச்ச?”

மைக்செட்காரர் பதற்றத்தில் நிறுத்திவிட்டார். அக்கா மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “போய்ட்டாரா? போய்ட்டாருன்னா போய்ட்டாருன்னு சொல்லிடு” என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கேள்வி எனக்கு மனப்பாடம். இத யாரு சொன்னது? பையன் சொன்னது சார், பையன் எழுதியது. அவர் சொன்னதை நான் வெட்டிவிட்டேன். கதவைத் திறந்து கீழே கால் வைத்த பிறகு வருகிற பேச்சுக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கத் தெரிந்த எனக்கு, ஏறி உட்காருவதற்கு முன்னால் வருகிற பேச்சைக் கேட்கத் தெரியவில்லை. திவ்யாவுக்குச் சொல்ல வேண்டிய மீதி இதுதான்.

என் போனில் முழுப் பதிவும் இருந்தது. மைக்கை இழுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். சதீஷிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முதலிலிருந்து ஓடவிட்டேன்.

நாற்காலி இழுபட்டது. இருமல். அப்புறம் பதமான, தணிந்த ஒரு குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல.

“திருவண்ணாமலை இருக்கா? வேலூர்.”

அக்கா நிமிர்ந்தார். வலது கை தானாக எழுந்து காதுக்குப் போயிற்று, ஹெட்போனைச் சரிசெய்வதுபோல.

“இருக்கு” என்றார். “லைன் நல்லா இருக்கு. சொல்லுங்க வேலூர்.”

காலையில் நாங்கள் வருவதற்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் வேலையில் இருந்தவரை தினமும் அங்கிருந்து அந்த ஒரு கேள்வி, இங்கிருந்து இந்த ஒரு பதில். அதற்குப் பிறகுதான் எங்கள் ஆபீஸ் திறந்திருக்கிறது.

பையனின் குரலும் வந்தது. “அப்பா, போன் இல்லப்பா, ரெக்கார்டிங்.” நான் அக்காவின் காதருகே குனிந்து, “அவருக்குக் காது போயிடுச்சுக்கா. ரிட்டயர் ஆன வருஷமே. அதனாலதான் போன் பண்ணல” என்றேன். அக்கா தலையாட்டினார். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. நானும் அழுதுவிட்டேன், அதை மறைப்பானேன்.

பெருமதிப்பிற்குரிய அம்மையார் பேச்சு மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். தொலைபேசிப் பணியில் ஆற்றிய சேவைக்கும், வாழ்வாங்கு வாழ்க என்பதற்கும் “ம்”, “ம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பேச்சு முடிந்தது. தாளை மடிக்கிற சத்தம் கேட்டது, பதிவும் முடிந்தது.

அடுத்தது அக்காவின் ஏற்புரை. மைக்செட்காரர் எழுந்து வந்து மைக்கை எடுக்கக் கையை நீட்டினார்.

“எடுக்காதீங்க” என்றார் அக்கா. “லைன் இருக்கட்டும்.”

எல்லோருடைய பேச்சையும் பாதியில் எடுத்தவரே எடுக்காதே என்ற பிறகு யார் எடுப்பார்கள்? மைக்செட்காரர் போய் உட்கார்ந்துகொண்டார். ஸ்பீக்கர் மட்டும் ம்ம்ம் என்று இரைந்துகொண்டிருந்தது. மேனேஜர் முதல் தடவையாக உட்கார்ந்தார். ஏற்புரை இல்லாமலே லட்டும் மிக்சரும் வந்தன, சத்தம் வராமல் சாப்பிட்டோம்.